ரத்தம் உடைகிறதா, ஊறவில்லையா?

*டாக்டருக்கு வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நாலு மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, கண் லேசாக மஞ்சளாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 6.1, பி.சி.வி. 18, எம்.சி.வி. 118, வெள்ளையணு 3,100, தட்டணு 92,000. ரெட்டிகுலோசைட் 2.9 சதவீதம்; பக்கத்தில் ‘அதிகம்’ என்று போட்டிருக்கிறது. பிலிருபின் 2.6, அதில் இன்டைரக்ட் மட்டும் 2.1. எல்.டி.ஹெச். 2,340. ஸ்மியரில் மேக்ரோ ஓவலோசைட், ஹைப்பர்செக்மென்டட் நியூட்ரோஃபில், அங்கங்கே உடைந்த சிவப்பணுக்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் கூடியிருப்பதால் சிவப்பணு உடைகிறது, ஸ்டீராய்டு தொடங்கலாம் என்கிறார் பார்த்த டாக்டர். உள்ளுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது, எண்டோஸ்கோப்பிதான் பார்க்க வேண்டும் என்கிறார் அக்கா. மூன்று அணுவும் குறைந்தால் ரத்தப் புற்றுநோயோ என்று எனக்குப் பயம். உள்ளங்கால் மரத்துப்போவதாக அம்மா ஆறு மாதமாகச் சொல்கிறார். சர்க்கரையால் என்று விட்டுவிட்டோம். ரத்தம் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். எதை முதலில் செய்வது?*

*— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு வரியை மட்டும் உங்களுக்கு எழுதி அனுப்பினேன்: ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் பி12, ஃபோலேட், சிவப்பணுவின்மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் டைரக்ட் கூம்ப்ஸ் மூன்றுக்கும் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது விரிவாக எழுதுகிறேன்.

ரத்தசோகை மூன்று வழியில்தான் வர முடியும். ரத்தம் உடம்பைவிட்டு வெளியே போகலாம். மஜ்ஜையில் போதிய அளவு ஊறாமல் இருக்கலாம். ஊறிய சிவப்பணு தன் 120 நாள் ஆயுளை முடிக்காமல் முன்பே உடையலாம். உங்கள் வீட்டில் ஆளுக்கொன்றாக இந்த மூன்றையும் சொல்லியிருக்கிறீர்கள். இவற்றைப் பிரிக்க உங்கள் கையில் உள்ள காகிதமே பெரும்பாலும் போதும். ஆனால் அதில் ‘அதிகம்’ என்று அச்சாகியிருக்கும் அந்த 2.9 எல்லோரையும் வழி தவறச் செய்துவிட்டது.

அந்த 2.9 உண்மையில் எவ்வளவு?

ரெட்டிகுலோசைட் என்பது மஜ்ஜையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த இளம் சிவப்பணு. உட்கரு போய்விட்டது, ஆனால் ஹீமோகுளோபின் தயாரிக்கப் பயன்பட்ட ஆர்.என்.ஏ. கொஞ்சம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். நியூ மெத்திலீன் ப்ளூ என்ற சாயத்தைக் கலந்து பார்த்தால் அது நீல நிற வலைப்பின்னல் போலத் தெரியும். சாதாரணமாக ரத்தத்துக்குள் வந்த ஒரே நாளில் அந்த வலை கரைந்து, அது முதிர்ந்த சிவப்பணு ஆகிவிடும். ஆகவே ரெட்டிகுலோசைட்டை எண்ணினால், மஜ்ஜை ஒரு நாளில் எவ்வளவு அனுப்புகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சிக்கல், அதைச் சதவீதமாக எழுதுவதில் இருக்கிறது. நூறு சிவப்பணுக்களில் ஒன்று புதியது என்றால் ஒரு சதவீதம். மஜ்ஜை அதே அளவுதான் அனுப்புகிறது, ஆனால் பழைய அணுக்கள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று வையுங்கள். இப்போது ஐம்பதுக்கு ஒன்று, அதாவது இரண்டு சதவீதம். ஒரு அணுகூடக் கூடுதலாக ஊறவில்லை. காகிதத்தில் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. அம்மாவின் பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு, 18 சதவீதம். இயல்பான 45-ஐ வைத்து இதைச் சரிசெய்ய வேண்டும்: 2.9-ஐ 18-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்தால் 1.16.

இன்னொரு திருத்தமும் உண்டு. ரத்தசோகை கடுமையாக இருக்கும்போது மஜ்ஜை தன் இளம் அணுக்களை ஒன்றிரண்டு நாள் முன்கூட்டியே வெளியே தள்ளிவிடும். உள்ளே கழிய வேண்டிய அந்த நாட்களையும் அவை ரத்தத்தில் கழிக்கும். அதனால் நேற்று வந்ததும் இன்றைய கணக்கில் மறுபடி விழும். பி.சி.வி. 25 என்றால் இந்த இளம்பருவம் ஏறத்தாழ இரண்டு நாள், 15 என்றால் இரண்டரை நாள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 18-க்குச் சுமார் 2.35. எனவே 1.16-ஐ 2.35-ஆல் வகுக்கிறோம். வருவது ஏறத்தாழ 0.5.

இதற்கு ரெட்டிகுலோசைட் உற்பத்திக் குறியீடு என்று பெயர். நலமாக இருப்பவருக்கு அது 1. ரத்தசோகை வந்தபிறகு மஜ்ஜை ஒழுங்காகச் செயல்பட்டால் அது 3-க்கு மேல் ஏற வேண்டும். 2-க்குக் கீழே நின்றால் மஜ்ஜை ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். அம்மாவின் மஜ்ஜை, நோயில்லாதவரின் மஜ்ஜை அனுப்புவதில் பாதியைத்தான் அனுப்புகிறது. ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கியிருக்கும் நேரத்தில் இப்படி என்றால், ‘அதிகம்’ என்ற அந்தச் சொல்லை ‘மிகக் குறைவு’ என்றுதான் படிக்க வேண்டும். ஆய்வகத்தைக் குறை சொல்ல முடியாது. கருவி தனக்குத் தெரிந்த 0.5 முதல் 2.5 வரையிலான எல்லையோடு ஒப்பிட்டு அச்சிட்டுவிட்டது, பி.சி.வி.யைப் பார்த்துத் திருத்துவது அதைப் படிக்கும் மருத்துவரின் வேலை.

பெருக்கல் வகுத்தலில் நம்பிக்கையில்லை என்றால் எண்ணிக்கையாகவும் பார்க்கலாம். பி.சி.வி. 18, ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 118 என்றால் சிவப்பணு ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 15 லட்சம். அதில் 2.9 சதவீதம் சுமார் 44,000. நலமாக இருப்பவருக்கே 50,000 அளவில் இருக்கும். சிவப்பணு வேகமாக உடைந்து, மஜ்ஜை முழு மூச்சாக ஈடுகொடுக்கும்போது இது லட்சத்தை நன்றாகத் தாண்டியிருக்கும்.

அப்படியானால் மஞ்சளும் எல்.டி.ஹெச்சும் எங்கிருந்து வந்தன?

உங்கள் டாக்டர் குழம்பியது இங்கேதான், இதில் குழம்பாதவர்கள் குறைவு. இன்டைரக்ட் பிலிருபின் கூடினால், எல்.டி.ஹெச். ஏறினால் சிவப்பணு சாகிறது என்பது சரியே. ஆனால் அவை எங்கே சாகின்றன என்பதை இந்த இரண்டும் சொல்லாது.

சிவப்பணு வளர டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. உருவாகப் பி12-உம் ஃபோலேட்டும் வேண்டும். அவை இல்லாதபோது மஜ்ஜை சும்மா இருப்பதில்லை. நிறைய அணுக்களை உருவாக்கத் தொடங்குகிறது, அவை பெருத்து வளர்கின்றன, ஆனால் உட்கரு பிளக்க முடியாமல் பெரும்பகுதி மஜ்ஜைக்குள்ளேயே மடிந்துவிடுகின்றன. அதில் இருந்த ஹீமோகுளோபின் பிலிருபினாக மாறுகிறது, அணுவுக்குள் இருந்த எல்.டி.ஹெச். என்ற நொதி ரத்தத்துக்கு வருகிறது. கண் மஞ்சளாகிறது. மஜ்ஜைக்கு வெளியே வந்து சேர்பவை மட்டும் கொஞ்சம். ஹாப்டோகுளோபின் என்ற பரிசோதனையைச் செய்தாலும் அதுவும் குறைந்தே வரலாம். அதை வைத்தும் பிரிக்க முடியாது.

உடைப்பு ரத்த ஓட்டத்தில் நடந்தால் மஜ்ஜை விழித்துக்கொண்டு ரெட்டிகுலோசைட்டை அள்ளி அனுப்பும். மஜ்ஜைக்குள்ளேயே நடந்தால் அனுப்ப ஆள் இருக்காது. மஞ்சளும் எல்.டி.ஹெச்சும் கூடி, ரெட்டிகுலோசைட் மட்டும் குறைந்திருக்கும் இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பி12 குறைபாடுதான். எல்.டி.ஹெச். ஆயிரக்கணக்கில் ஏறுவதும் அதில் சகஜம். என்னிடம் வந்த ஒருவர் இதே கணக்கில் ஆறு வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தார். சர்க்கரை ஏறியது, கால் மரப்பு கூடியது, ஹீமோகுளோபின் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய ஸ்மியர் கண்ணாடித் துண்டை வரவழைத்துப் பார்த்தபோது பதில் முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது.

ஸ்மியர் என்ன சொல்கிறது?

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு துண்டின் விளிம்பால் மெல்லிசாக இழுத்து, உலர்த்தி, சாயமிட்டுப் பார்ப்பதுதான் பெரிஃபெரல் ஸ்மியர். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தனித்தனியாகப் பரவியிருக்கும் இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். மூன்று வழிகளும் அங்கே மூன்று விதமான காட்சியைத் தரும்.

முதலில் அக்காவின் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். நாள்கணக்கில், மாதக்கணக்கில் கசிந்தால் ரத்தத்தோடு இரும்பும் போகும். அப்போது ஸ்மியரில் சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் வளையம்போலச் சிவந்திருக்கும். பென்சில்போல நீண்டவையும் இருக்கும். எம்.சி.வி. 80-க்குக் கீழே இறங்கும். அம்மாவுடையது 118. திடீரென்று நிறைய ரத்தம் போயிருந்தால் முதல் சில நாட்களுக்கு அணுக்கள் இயல்பாகவே தோன்றும், ரெட்டிகுலோசைட் ஏற மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். நாலு மாதமாக மெல்ல வந்த மூச்சுவாங்கலுக்கு அதுவும் பொருந்தவில்லை. கறுப்பு மலமோ ரத்தப்போக்கோ இல்லையென்றால் கசிவைத் தேடி எண்டோஸ்கோப்பிக்கு இப்போது அவசரம் இல்லை. பின்னால் வேறொரு காரணத்துக்காக அது தேவைப்படலாம், அதற்கு வருகிறேன்.

ரத்த ஓட்டத்தில் உடைவது என்றால், உங்கள் டாக்டர் ஸ்டீராய்டை நினைத்தது நோயெதிர்ப்பு வகை உடைப்பை மனதில் வைத்துத்தான். அதில் ஸ்ஃபீரோசைட் என்ற உருண்டை அணுக்கள் இருக்கும்: சிறியவை, அடர்த்தியானவை, நடுவில் வெளிறல் இல்லாதவை. கூடவே சாம்பல் கலந்த நீல நிறத்தில் பெரிய அணுக்கள் நிறையத் தெரியும். அவைதான் சாதாரணச் சாயத்தில் தெரியும் ரெட்டிகுலோசைட்கள். ஸ்மியர் அறிக்கையில் ‘பாலிக்ரோமேசியா’ என்று எழுதுவார்கள். அம்மாவின் அறிக்கையில் அந்தச் சொல் இல்லை, ஸ்ஃபீரோசைட்டும் இல்லை.

இருப்பது மேக்ரோ ஓவலோசைட். முட்டை வடிவில் பெருத்த சிவப்பணு. கல்லீரல் கோளாறிலும் மதுவாலும் பெருப்பவை பொதுவாக உருண்டையாகவே இருக்கும். இளம் அணுக்கள் கூடினாலும் எம்.சி.வி. கொஞ்சம் ஏறும், ஆனால் 2.9 சதவீதம் அதை 118-க்குத் தூக்கிவிடாது. அதைவிடத் தெளிவான சாட்சி ஹைப்பர்செக்மென்டட் நியூட்ரோஃபில். இந்த வெள்ளையணுவின் உட்கரு வழக்கமாக மூன்று, நான்கு மடல்களாக இருக்கும். நூறு நியூட்ரோஃபில்களை எண்ணினால் ஐந்து மடல் கொண்டவை ஐந்துக்கு மேல் இருந்தாலோ, ஆறு மடல் கொண்டது ஒன்றே ஒன்று இருந்தாலோ பி12 அல்லது ஃபோலேட் குறைபாட்டை நினைக்க வேண்டும். வெள்ளையணுவும் தட்டணுவும் குறைந்திருப்பதற்கும் இதே காரணம் போதும். அவையும் அதே மஜ்ஜையில், அதே டி.என்.ஏ.வை நம்பி வளர்பவைதான். மரத்துப்போகும் கால், பத்து வருஷ மெட்ஃபார்மின் இரண்டும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

அங்கங்கே தெரிந்த உடைந்த அணுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டணு குறைவும் உடைந்த சிவப்பணுவும் சேர்ந்தால் டி.டி.பி. என்ற, மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும் நோயை எந்த மருத்துவரும் நினைத்தாக வேண்டும். பி12 குறைபாட்டிலும் வலுவற்ற பெரிய அணுக்கள் நொறுங்கி அதே தோற்றம் வரும். டி.டி.பி.யில் ரெட்டிகுலோசைட் கூடியிருக்கும், எம்.சி.வி. இவ்வளவு ஏறாது, மடல் கூடிய நியூட்ரோஃபிலும் இருக்காது. ஆகவே இங்கே அதற்கான வாய்ப்பு குறைவு. ஆனாலும் அம்மாவுக்குப் பேச்சுக் குழறல், குழப்பம், ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

என் கணக்கு எங்கே தவறலாம்?

ரெட்டிகுலோசைட் குறைவாக இருக்கிறது என்பதாலேயே உடைப்பு அறவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. உடைப்பு தொடங்கிய முதல் சில நாட்களில் மஜ்ஜை இன்னும் எழுந்திருக்காது. உடைப்போடு பி12 அல்லது ஃபோலேட் குறைபாடும் சேர்ந்திருந்தால் ஈடுகொடுக்க முடியாது. சிறுநீரகம் பழுதானாலும், பார்வோவைரஸ் பி19 மஜ்ஜையைத் தாக்கினாலும் அப்படியே. அதனால்தான் டைரக்ட் கூம்ப்ஸைப் பட்டியலில் வைத்தேன். அது பாசிட்டிவ் ஆக வந்தால் உங்கள் டாக்டரின் எண்ணத்துக்கு மறுபடி இடம் உண்டு. அதுவரை ஸ்டீராய்டைத் தொடங்காமல் இருக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள், இந்த 0.5 கணக்கை எழுதிக் காட்டினால் அவரும் யோசிப்பார். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

புற்றுநோய்ப் பயத்துக்கும் இதே பதில்தான். முதுமையில் மஜ்ஜை கோளாறாகி அணுக்கள் பெருத்து மூன்றும் குறையும் நோய் ஒன்று உண்டு, எம்.டி.எஸ். என்பார்கள். அதில் நியூட்ரோஃபில் மடல் பெரும்பாலும் குறைந்திருக்கும், கூடியிருக்காது. பி12-உம் ஃபோலேட்டும் இயல்பாக வந்தாலோ, ஊசி போட்டும் எண்கள் அசையவில்லை என்றாலோதான் மஜ்ஜைப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பி12 அளவு 200-க்குக் கீழே வந்தால் சந்தேகம் தீர்ந்தது. 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால், இத்தகைய ஸ்மியர் இருக்கும்போது, ‘நார்மல்’ என்று விட்டுவிடாமல் மீத்தைல்மலோனிக் அமிலம் பார்க்கச் சொல்லுங்கள். குடல் பி12-ஐ உறிஞ்ச உதவும் புரதத்தின்மேல் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும் என்பது உண்மை; ஆனால் இவ்வளவு ஆழமான குறைவுக்குப் பின்னால், அந்தப் புரதத்தை உடம்பே எதிர்க்கும் பெர்னீஷியஸ் அனீமியா இருக்கலாம். அது உறுதியானால் வயிற்றின் உட்சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான், உடம்பு தேறியபிறகு, எண்டோஸ்கோப்பி. மெட்ஃபார்மினை நிறுத்துவதா வேண்டாமா என்பதைச் சர்க்கரை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ரத்தம் ஏற்றினால் வேறொருவரின் சிவப்பணு கலந்து ஸ்மியரும் எம்.சி.வி.யும் குழம்பும், ஃபோலேட், கூம்ப்ஸ் முடிவுகளும் கெடலாம். மாதிரி முதலில், ஏற்றுவது பிறகு. அதுவும் தேவையா என்பது எண்ணைவிட அம்மாவைப் பொறுத்தது. மெல்ல இறங்கிய 6.1-க்கு உடம்பு பழகியிருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஏற்றத்தான் வேண்டும். அப்போதும் ஒரு யூனிட், மெதுவாக. வேகமாக ஏற்றினால் ஏற்கெனவே திணறும் இதயம் அளவு தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும்.

மாதிரி எடுத்தபிறகு, முடிவுக்குக் காத்திராமல் அன்றே பி12 ஊசி தொடங்கலாம். வழக்கமான அளவு 1,000 மைக்ரோகிராம். கால் மரத்திருப்பதால் தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் போடுவார்கள். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகத் தொடங்க வேண்டாம். ரத்தம் ஏறுவதுபோலத் தெரியும், நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டே போகும். முதல் வாரத்தில் பொட்டாசியத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். புதிய அணுக்கள் ஒரே வீச்சில் உருவாகும்போது அது சரியும்.

ஊசி தொடங்கி ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் ரெட்டிகுலோசைட்டை மறுபடி எண்ண வேண்டும். இப்போதே சொல்லிவைக்கிறேன், அன்றைய காகிதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். 18 சதவீதம் என்று வரலாம், பக்கத்தில் மறுபடியும் ‘அதிகம்’ என்றே இருக்கும். பி.சி.வி. 19 என்று வைத்து அதே கணக்கைப் போட்டால் 7.6 வரும், அதை 2.3-ஆல் வகுத்தால் 3.3. இந்த முறை அந்தச் சொல் உண்மை: மஜ்ஜை எழுந்துவிட்டது. எல்.டி.ஹெச்சும் மஞ்சளும் இறங்கத் தொடங்கியிருக்கும், ஹீமோகுளோபின் அதற்குப் பிறகுதான் வாரத்துக்குச் சுமார் ஒரு கிராம் வீதம் ஏறும். மடல் கூடிய நியூட்ரோஃபில் இரண்டு வாரம்வரை ஸ்மியரில் தெரிந்துகொண்டே இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பத்தாம் நாளிலும் ரெட்டிகுலோசைட் ஏறவே இல்லையென்றால் இரும்புச்சத்து, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் பார்த்துவிட்டு, இரண்டு ஸ்மியர் கண்ணாடித் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு ரத்தநோய் மருத்துவர் ஒருவரிடம் நேரில் போங்கள்.